நகைச்சுவைக் கட்டுரைகளைப் புத்தகமாகக் கோப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாகச் சிற்றிதழ்களிலும் மலர்களிலும் அங்கொன்று இங்கொன்றாக எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகள் 26 சேர்ந்திருந்தன. அதைப் புத்தகமாக்க இரண்டு வருடம் பிடித்தது, எழுதிய நேரத்தைவிட அடுக்கிய நேரம்தான் அதிகம். புத்தகம் வந்தபிறகு எழுதுகிற நண்பர்கள் போன் போட்டுக் கேட்பது எல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள், பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்கிட்ட இருபது இருபத்தஞ்சு கட்டுரை இருக்கு. சேர்த்து அச்சடிச்சா புத்தகம்தானே?

அட்டை போட்டால் புத்தகம்தான், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் தாளில் எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். திரையில் வேண்டாம், தாளில்.

நான் அதற்காகவே ஏற்காட்டில் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். மழை, கரண்ட் இல்லை, வேறு வழியும் இல்லை. முதல் மூன்று கட்டுரைக்கு நானே சிரித்தேன். ஒன்பதாவதில் எனக்கே கடுப்பாகிவிட்டது. தனித்தனியாக வந்தபோது நாலு பேர் கூப்பிட்டுப் பாராட்டிய கட்டுரைகள்தான் எல்லாம், அதனால் இது புரியவே நேரமானது. மாமியாரைப் பதினொரு தடவை அறிமுகம் செய்திருந்தேன். பாதிக்குமேல் ஒரே மாதிரி முடிந்திருந்தன. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பெரிய கோளாறு வேறு. ஒரு கட்டுரையில் ‘நான்’ ஏமாளி, அடுத்ததில் ‘நான்’ ஊரையே எடைபோடும் புத்திசாலி, அதற்கடுத்ததில் ‘நான்’ சாலை விதிகளைப் பற்றி அறிவுரை சொல்லும் பெரிய மனிதர். மாதம் ஒரு கட்டுரை படிக்கிறவருக்கு இது உறைக்காது. புத்தகமாகப் படிக்கிறவருக்கு, ஒரே பெயரில் மூன்று பேர் வந்து மாறி மாறிப் பேசுகிற மாதிரி இருக்கும். யாரை நம்பிச் சிரிப்பது என்று தெரியாது.

எல்லாமே சேலத்தைப் பத்தின கட்டுரைதான். ஊர்தானே எல்லாத்தையும் கோக்கிற நூல்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாம்பழம், கொலுசு, ஜவ்வரிசி, தட்டுவடை செட், ஏற்காடு பஸ், ஆடி மாதத்துக் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று ஊர் முழுக்க இருந்தது. அடுக்கிப் பார்த்தால் சுற்றுலாக் கையேட்டில் யாரோ ஜோக்கைத் தூவினதுபோல இருந்தது.

ஊர் உங்களுக்குச் சரக்கு கொடுக்கும், வாசனை கொடுக்கும். ஆனால் நகைச்சுவைக் கட்டுரையில் வாசகர் பின்தொடர்வது பொருளை அல்ல, மாட்டிக்கொள்ளும் ஆளை. அந்த ஆள் எப்போதும் ஒரே விதமாக மாட்டிக்கொள்கிறாரா என்பதுதான் கேள்வி. அப்படி இருந்தால் ஒரு கட்டுரை கொலுசைப் பற்றியும் அடுத்தது பல்வலியைப் பற்றியும் இருந்தாலும் புத்தகம் ஒன்றாகவே இருக்கும், இல்லாவிட்டால் எல்லாக் கட்டுரையும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பிலேயே நடந்தாலும் ஒட்டாது.

சரி, அந்த ‘ஒரே விதம்’ நம்ம கட்டுரைகள்ல ஏற்கெனவே இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலும் இருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் செய்தது இதுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு துண்டுத்தாள். அதில் மூன்றே வரி: இந்த ஆளுக்கு என்ன வேண்டியிருந்தது, அது எதனால் கெட்டது, கடைசியில் யார் ஜெயித்தார்கள்.

மாம்பழக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியது மல்கோவா. கெட்டது எதனால்? மண்டியில் கடைக்காரர் வேகமாக ஏதோ ரகத்தின் பெயரைச் சொல்லி “அதானுங்களே?” என்றார், புரியவில்லை, கேட்க வெட்கம், தலையை ஆட்டிவிட்டேன். வந்து சேர்ந்தது ஒரு கூடை புளிப்பு மாங்காய், ஊறுகாய்க்கு மட்டுமே ஆகும். ஜெயித்தவர் கடைக்காரர். கொலுசுக் கட்டுரையில் வேண்டியது மகளுக்கு முத்து வைத்த கொலுசு. பட்டறைக்காரர் சேதாரக் கணக்கைச் சொன்னார், எட்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருந்தது, தலையை ஆட்டினேன். காப்பிக் கட்டுரையில் வேண்டியது ஒரு தம்ளர் காப்பி. எஸ்டேட்காரர் அரேபிகாவுக்கும் ரொபஸ்டாவுக்கும் இருக்கிற வித்தியாசம் நாக்கின் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கேட்டார், அதற்கும் தலையை ஆட்டினேன். ஏதோ ஒரு பக்கம்!

26 துண்டையும் தரையில் பரப்பி நடு வரியை மட்டும் படித்துக்கொண்டே போனேன். 14 துண்டில் ஏறத்தாழ அதே வார்த்தை. ‘தெரியாததைத் தெரிந்தமாதிரி தலையாட்டுகிறவன்’. எட்டு வருடம் எழுதியவன் நான், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். (வீட்டில் சொன்னேன். “இதுக்கு ஏற்காடு வரைக்கும் போகணுமா, என்னைக் கேட்டிருக்கலாம்” என்று பதில் வந்தது.)

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. நடு வரியில் ‘அப்பாவி’, ‘சோம்பேறி’, ‘பாவப்பட்ட கணவன்’ என்று எழுதிவிட்டால் எல்லாக் கட்டுரையும் அதில் அடங்கிவிடும், அதனால் ஒன்றும் தெரியாது. மறுபக்கம் ‘மாங்காய் வாங்கத் தெரியாதவன்’ என்று எழுதினால் மூன்று கட்டுரையில் சரக்கு தீர்ந்துவிடும். அந்த ஆள் உடம்பால் செய்கிற ஒரு காரியமாக அது வந்துவிட்டால் சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளலாம். தலையாட்டுவது, விலையை இரண்டு தடவை கேட்பது, வாசலிலேயே நின்று திரும்பிவிடுவது, இந்த மாதிரி. செய்கிற காரியத்தைக் காட்சியாக எழுத முடியும். ‘அப்பாவி’யை எழுத முடியாது.

மத்த கட்டுரைகளை என்ன பண்றது? நல்லா எழுதினதாச்சே.

14 இருந்தது, மீதி 12. அதில் நான்கை மாற்றி எழுத முடிந்தது, எட்டை எடுத்துவிட்டேன். மொத்தம் 18.

எடுத்ததில் ஒன்று, எனக்கு அதிகம் பாராட்டு வாங்கித்தந்த கட்டுரை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போகிறவர்களின் முகம் வளைவுக்கு வளைவு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி. முதல் வளைவில் செல்ஃபி, பன்னிரண்டில் ஜன்னல் பக்கம், பதினேழில் பாலித்தீன் பை. சிரிப்பு வரும்தான். ஆனால் அதில் ‘நான்’ அசையாமல் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன். புத்தகத்தில் இருக்கிற மற்ற கட்டுரைகளில் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இது ஒன்று உள்ளே வந்தால் வாசகர் அவன்மேல் வைத்திருந்த பாசம் போய்விடும், அதற்கடுத்த இரண்டு கட்டுரைக்கு அவன் மாட்டிக்கொண்டால் “நல்லா வேணும்” என்றுதான் தோன்றும். கண்டக்டர் ஏதோ கேட்பதுபோலவும் அவன் தலையாட்டுவதுபோலவும் ஒரு பத்தியை நடுவில் செருகிப் பார்த்தேன். வேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் தெரிந்தது. எடுத்துவிட்டேன். வேறு புத்தகத்துக்கு ஆகும்.

ஒரே குணம் திரும்பத் திரும்ப வந்தா படிக்கிறவங்களுக்குச் சலிக்காதா?

அதே அளவில், அதே இடத்தில் வந்தால் சலிக்கும். மூன்று விஷயம் செய்தேன்.

ஒன்று, தலையாட்டலுக்கான விலையைக் கட்டுரைக்குக் கட்டுரை மாற்றினேன். ஒன்றில் நூறு ரூபாய் நஷ்டம், இன்னொன்றில் சொந்தக்காரர் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை ஆற்ற வேண்டிய நிலை. இரண்டு, சில கட்டுரைகளில் அதைத் திருப்பிப் போட்டேன். ஜங்ஷன் பக்கம் வழி கேட்ட வெளியூர்க்காரருக்கு இவன் வழி சொல்கிறான், அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், போகும்போது எதிர்த்திசையில் போகிறார். இவனுக்கு அந்தத் தலையாட்டல் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது. கட்டுரை அங்கேயே முடிகிறது.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒரு கட்டுரையில் அது சிரிப்பாக இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து நிதானமாக ஐந்து நிமிடம் பேசினார். நான் முழுக்கத் தலையாட்டினேன், வெளியே வந்ததும் அம்மா “என்னடா சொன்னார்?” என்றபோது எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தெரியவில்லை. “ஒண்ணுமில்லம்மா” என்றேன், அம்மா தலையாட்டினார். அவ்வளவுதான் கட்டுரை, 400 சொல் இருக்கும். தனியாக வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. புத்தகத்தில் 12ஆவதாக வைத்தேன். அதற்கு முன்னால் பதினொரு தடவை அந்தத் தலையாட்டலுக்குச் சிரித்துவிட்டு வருகிற வாசகர் இந்த இடத்தில் நிற்கிறார். முதலில் இதைக் கடைசியில் வைத்திருந்தேன், “இவ்வளவு நேரம் சிரிக்க வெச்சது அழ வெக்கத்தானா” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார், அவர் சொன்னது சரி. மூன்றில் இரண்டு பங்கு வருகிற இடத்தில் வைத்தால், அதற்குப்பிறகு ஆறு கட்டுரையில் திரும்பவும் சிரிக்க நேரம் கிடைக்கிறது, அந்தச் சிரிப்பு முன்னைவிடக் கொஞ்சம் மென்மையாக இருக்கிறது.

இன்னொரு முக்கியமான வேலை: குணத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். கோப்பில் Ctrl+F போட்டு ‘தலையாட்ட’ என்று தேடினேன். கொஞ்சம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, நாம் ‘தலையை ஆட்டினேன்’, ‘தலை அசைத்தேன்’, ‘மண்டையை ஆட்டி’ என்றெல்லாம் எழுதியிருப்போமே என்று. எல்லா வடிவத்தையும் தேடிக் கூட்டினால் 61. அதை 19 ஆக்கினேன். மற்ற இடங்களில் அவன் “ஆமாமா” என்கிறான், அல்லது பேசாமல் பர்ஸை எடுக்கிறான். வாசகருக்கே புரிந்துவிடும். முன்னுரையிலும் ‘இது தலையாட்டுகிற ஒரு மனிதனின் கதை’ என்று எழுதக்கூடாது. எழுதியிருந்தேன், அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் அதை வெட்டினேன்.

முந்தின கட்டுரையில வந்த ஜோக்கைப் பின்னால இழுத்துக்கிட்டு வரலாமா? தனியாப் படிக்கிறவருக்குப் புரியாதே?

வரலாம், வரவேண்டும். ஆனால் அது வருகிற ஒவ்வொரு இடத்திலும் முன்கதை இல்லாமலே ஒரு சிரிப்பு இருக்கவேண்டும், முன்கதை தெரிந்தவருக்கு இன்னொரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கவேண்டும். முதல் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வரியை வைக்கக்கூடாது.

என் புத்தகத்தில் அது ஊறுகாய் ஜாடி. அந்த ஒரு கூடை மாங்காயும் ஊறுகாயாகி, பாட்டி காலத்துப் பெரிய பீங்கான் ஜாடி ஒன்றில் ஏறிவிட்டது. அது லேசில் தீர்வதில்லை. 18 கட்டுரையில் ஐந்தில் மட்டும் வருகிறது. ஏழாவது கட்டுரை ஏற்காட்டுக் கோடை விழாவைப் பற்றியது, உறவினர் கும்பல் வீட்டில் வந்து இறங்குகிற காட்சி. முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

‘சாப்பாட்டுக்கு நம் புகழ்பெற்ற ஊறுகாய் ஜாடி வந்தது. அது வந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே!’

தனியாகப் படிக்கிறவரை இந்த வரி வாசலில் நிறுத்திவிடுகிறது. அவருக்குத் தெரியாது. ‘அது வேறு கதை’ என்று எழுதினாலும் இதே கோளாறுதான், ‘உனக்குச் சொல்லமாட்டேன்’ என்பதை மரியாதையாகச் சொல்வது அது. அடுத்த முயற்சியில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன்: மண்டிக்குப் போனது, தலையாட்டியது எல்லாவற்றையும் நான்கு வரியில் சுருக்கிச் சொன்னேன். புத்தகமாகப் படிக்கிறவர் அந்த நான்கு வரியைத் தாண்டிக் குதித்துவிடுவார். கடைசியில் நின்றது இது:

‘மூன்று பேர் சேர்ந்து ஊறுகாய் ஜாடியை நகர்த்திக் கொண்டுவந்தோம். எங்கள் வீட்டில் குழந்தைகளின் உயரத்தை அதன் பக்கத்தில் நிறுத்தித்தான் அளப்பது. “இவ்வளவு ஊறுகாயா!” என்றார் சித்தப்பா. “ஆமாங்க, மாமாவுக்கு மாம்பழம்னா உயிரு” என்றாள் மச்சினன் மனைவி.’

முன்கதை தெரியாதவருக்கு, இவ்வளவு பெரிய ஜாடி என்பதும், மாம்பழத்துக்கும் ஊறுகாய்க்கும் இடையே ஏதோ விபத்து நடந்திருக்கிறது என்பதும் போதும். தெரிந்தவருக்குக் கடைசி வாக்கியத்தில் மண்டி முழுக்க ஞாபகம் வரும்.

அப்புறம், ஜாடி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கவேண்டும். அப்படியே திரும்பி வந்தால் அது வெறும் பழக்கம். முதலில் நிறைந்திருக்கிறது, கோடை விழாவில் கால் பங்கு குறைகிறது, ஒன்பதாவதில் அதிலிருந்து பாட்டிலில் அடைத்துக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கிறோம், பதினான்காவதில் அந்தப் பாட்டில் நான்கு கை மாறி, எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே பரிசாகத் திரும்பி வருகிறது. எந்தக் கட்டுரையிலும் அதுதான் மையம் என்று இல்லை. ஒரு சில வரியில் வந்து போய்விடும்.

ஐந்து தடவை என்பது 18க்கு என் கணக்கு. எட்டில் வைத்துப் பார்த்தபோது வாசகர் ஜாடியை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். எதிர்பார்த்தால் போச்சு. இரண்டில் மட்டும் வைத்தால் தற்செயலாகத் திரும்ப எழுதிவிட்டார்போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

குடும்பத்து ஆட்களை ஒவ்வொரு கட்டுரையிலும் திரும்ப அறிமுகம் செய்யணுமா?

செய்யவேண்டும், ஆனால் விவரத்தால் செய்யாதீர்கள். என் மாமியார் பதினொரு இடத்தில் ‘அதிகம் பேசமாட்டார், பார்த்தாலே போதும்’ என்ற வாக்கியத்தோடு உள்ளே வந்தார். தனித்தனிக் கட்டுரைக்கு அது தேவைதான், புத்தகத்தில் அது கல்யாண வீட்டில் ஒரே ஆளைப் பதினொரு தடவை “இவங்கதான்…” என்று காட்டுகிற மாதிரி. பதினொன்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் அவர் செய்கிற ஒரு சின்னக் காரியத்தை வைத்தேன். ஒன்றில் பில்லைக் கையில் வாங்கிக் கண்ணாடி போடாமலே திருப்பிக் கொடுக்கிறார். இன்னொன்றில் ‘மாப்பிள்ளை’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். தனியாகப் படிக்கிறவருக்கு அரை வரியில் ஆள் பிடிபடுகிறது. தொடர்ந்து படிக்கிறவருக்கு அதே ஆளைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைக்கிறது.

நம் பக்கத்துக்காரரே இதில் கெட்டிக்காரர். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துக்காரரான ஜ.ரா.சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டு எழுதிய அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். பாட்டி ஒரு வாக்கியம் இங்கிலீஷ் கலந்து பேசியதுமே யார் எவர் என்று தெரிந்துவிடும், குடும்ப வரலாறு வேண்டாம். அது கதை, நாம் எழுதுவது கட்டுரை, நமக்கு நிரந்தரப் பாத்திரம் ‘நான்’தான் என்றாலும் அறிமுகம் செய்கிற வழி ஒன்றே.

அழைப்பையும் ஒன்றாக்குங்கள். ஓரிடத்தில் ‘என் மனைவி’, ஓரிடத்தில் ‘வீட்டம்மா’, இன்னோரிடத்தில் பெயர் என்று வந்தால் வாசகர் மூன்று பேர் என்று கணக்குப் போடுவார். அது வேறு வகை நகைச்சுவை.

வரிசை எப்படி? நல்லதை முதல்ல வெச்சுடலாமா?

பத்திரிகையில் வெளிவந்த தேதி வரிசை வேண்டாம், அது உங்கள் வளர்ச்சியைக் காட்டும், வாசகருக்கு அதில் ஆர்வம் இல்லை. நான் ஒரு வருடச் சுற்றை எடுத்துக்கொண்டேன். சித்திரை மாம்பழத்தில் ஆரம்பம், மே மாதம் ஏற்காட்டுக் கோடை விழா, ஆடியில் மாரியம்மன் பண்டிகை, தீபாவளி, மார்கழிக் குளிர் என்று போய்ப் பொங்கல் கடந்து மறுபடி மாம்பழம். எங்கேயும் மாதத்தின் பெயரைத் தலைப்பில் போடவில்லை. காலம் மட்டும் பின்னால் நகரும். நடுவில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் ஒன்றும் கெடாது, ஆனால் வரிசையாகப் படிக்கிறவருக்கு வெயில் குறைந்து மழை வந்தது தெரியும்.

முதல் கட்டுரை உங்களுடைய சிறந்த கட்டுரையாக இருக்கவேண்டியதில்லை. அந்த ஆளின் குணம் சுத்தமாக, வேறு சிக்கல் இல்லாமல் தெரிகிற கட்டுரையாக இருக்கவேண்டும். மண்டிக் கட்டுரை அதனால்தான் முதலில். சிறந்ததை மூன்றாவதாக வைத்தேன்.

வரிசை முடிவானதும் ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். என்னுடையதில் 18க்கு 13 மனைவி சொல்லும் ஒரு வரிப் பதிலோடு முடிந்தன. ஒவ்வொன்றும் தனியாக நல்ல முடிவுதான். ஆனால் ஆறாவது தடவை வாசகர், பத்தி சின்னதாவதைப் பார்த்தே “இப்ப அவங்க ஏதாவது சொல்வாங்க” என்று முன்னாலேயே சிரித்து முடித்துவிடுவார். நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன், அதுவும் அடுத்தடுத்து வராமல். மற்ற ஒன்பதில் ஐந்துக்குச் செய்தது ஒன்றே ஒன்றுதான், கடைசி இரண்டு வரியை வெட்டினேன். கட்டுரை அதற்கு முன்பே முடிந்துதான் இருந்தது.

ஒரு கட்டுரையில மகள் நாலாம் வகுப்பு, அடுத்ததுல ரெண்டாம் வகுப்பு. பரவாயில்லையா?

புத்தகத்தில் பரவாயில்லை என்று விடமுடியாது, யாராவது ஒருவர் கடிதம் போடுவார். வயது, வகுப்பு, வண்டியின் மாடல், பெட்ரோல் விலை எல்லாவற்றையும் ஒரு பட்டியல் போட்டு, கதைக்குத் தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். தேவைப்பட்டதை ஒரே வருடத்துக்குக் கொண்டுவாருங்கள். என் ஸ்கூட்டர் ஐந்தாவது கட்டுரையில் விற்கப்பட்டு, எட்டாவதில் பஞ்சர் ஆனது.

எத்தனை கட்டுரை, எத்தனை பக்கம்?

ஃபாரம் கணக்கில் யோசியுங்கள், 16 பக்கம் ஒரு ஃபாரம். என் 18 கட்டுரை சுமார் 22,000 சொல், டெமி அளவில் பக்கத்துக்கு 200 சொல் என்றால் 110 பக்கம், ஒவ்வொன்றும் புதுப்பக்கத்தில் ஆரம்பிப்பதால் விழுகிற காலி இடம், முன்பக்கங்கள் எல்லாம் சேர்த்து 128, அதாவது எட்டு ஃபாரம். நகைச்சுவைக்கு அதற்குமேல் போனால் மூச்சு வாங்கும் என்பது என் எண்ணம். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கவேண்டாம். பத்திரிகைக்காக 1,200 சொல்லுக்கு இழுத்திருந்த இரண்டை 500 ஆக்கினேன், அதுவே பலருக்குப் பிடித்தது.

தனியாவும் நிக்குது, சேர்ந்தும் நிக்குதுன்னு எப்படி உறுதி பண்றது?

இரண்டு வகை வாசகர் வேண்டும். ஒருவரிடம் நடுவிலிருந்து ஒரே ஒரு கட்டுரையைக் கொடுங்கள், உங்களை முன்பின் படிக்காதவராக இருந்தால் நல்லது. “யார் இது?”, “எப்போது நடந்தது?” என்று தோன்றும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இன்னொருவரிடம் முழுக்கட்டையும் கொடுத்து, எங்கே வரியைத் தாண்டிப் போனார் என்று குறிக்கச் சொல்லுங்கள். முதலாமவர் கோடு போட்ட இடத்தில் முன்கதை குறைவு, இரண்டாமவர் தாண்டிய இடத்தில் முன்கதை அதிகம். இரண்டும் ஒரே வரியில் விழுந்தால் அந்த வரியைத் திருத்த முயலாமல் எடுத்துவிடுவதே மேல். “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்பார்கள்.

சொந்தக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?

கோவித்துக்கொள்வார்கள். மச்சினன் கோவித்துக்கொண்டான், அவனைப் பற்றி எழுதியதற்கு அல்ல, மூன்று கட்டுரையில் மட்டும்தான் வருகிறான் என்பதற்கு. கடைகளின் பெயரையும் உறவின் உண்மையான முறையையும் மாற்றிவிடுங்கள்.

கடைசிக் கட்டுரையில எல்லாத்தையும் சேர்த்து முடிச்சுப் போடணுமா?

நான் போட்டுப் பார்த்தேன். மறுவருடம் சித்திரை, ஜாடி காலி, அதே மண்டி, அதே கடை. வேகமாக ஏதோ ரகத்தின் பெயரைச் சொல்லி “அதானுங்களே?” என்கிறார்கள். ‘நான்’ ஒரு பத்தி முழுக்க யோசித்து, வருடம் முழுக்கப் பட்டதை நினைத்துப் பார்த்து, நிமிர்ந்து நின்று, “எனக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு மல்கோவாவோடு வீடு திரும்புகிறான். படித்த இருவரும் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் சிரிக்கவே இல்லை. ஒருவர் தாளை வைத்துவிட்டு, “இவன் திருந்திட்டான்னா, இனிமே நமக்கு இவன்கிட்ட என்ன வேலை?” என்றார். தனியாகப் படித்தாலும் அது நிற்கவில்லை, ஏனென்றால் அந்த ‘தெரியாதுங்க’வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று 17 கட்டுரை படித்தால்தான் தெரியும்.

யோசனைப் பத்தியை முழுக்க வெட்டினேன். ஜாடி காலி என்பது முதல் வரியில், வெறுமனே, கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாக வரும். அச்சில் போனது இது:

“அதானுங்களே?” என்றான் பையன்.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன்.

அவன் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கும் தெரியாதுங்க, ஓனர் சாப்பிடப் போயிருக்காரு” என்றான்.

இரண்டு பேருமாக ஒரு கூடையைத் தேர்ந்தெடுத்தோம்.